கல்யாணத்துக்குப் பிறகு கடவுச்சீட்டில் எந்தப் பெயர்? யாழ்ப்பாணத்திலேயே மாற்றுவதா, கனடா போய் மாற்றுவதா?

எழுத்து முடிந்து, கோயிலில் தாலி கட்டி, மாப்பிள்ளை ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிய அடுத்த கிழமையே ஸ்பொன்சர் படிவங்களை நிரப்பத் தொடங்குகிறார்கள். IMM 0008 படிவத்தின் முதல் பக்கத்திலேயே குடும்பப் பெயர், கொடுத்த பெயர் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். அந்த இடத்தில்தான் வீட்டில் வாக்குவாதம் தொடங்கும். "கலியாணம் முடிஞ்சுது தானே, புருஷன்ட பேரைப் போடுங்கோ" என்று ஒருவர் சொல்வார். "பாஸ்போட்டில தகப்பன்ட பேர் கிடக்கு, அதை மாத்தாமல் எப்படிப் போடுறது?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டாமவர் சொல்வதே சரி. கனேடியக் குடிவரவுத் திணைக்களத்தின் படிவங்களில் கடவுச்சீட்டில் உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும், எழுத்துக்கு எழுத்து அப்படியே. முந்திய பெயர், வேறு பெயர் என்று கேட்கும் கேள்விகளுக்குத் தனி இடம் உண்டு.

ஆகவே பெயர் மாற்றத்தின் மூலம் கடவுச்சீட்டு. விசா, நிரந்தர வதிவிடத்துக்கான பி.ஆர். அட்டை, வங்கி எல்லாம் அதன் பின்னால் வருபவை. இந்தக் கட்டுரை, யாழ்ப்பாணத்தில் பதிவுத்திருமணம் செய்து, கணவரின் ஸ்பொன்சரில் கனடா போகும் ஒரு பெண்ணுக்கு இருக்கும் நான்கு வழிகளை ஒப்பிடுகிறது. மாற்றாமலே விடலாம், விண்ணப்பிக்க முன் இங்கேயே மாற்றலாம், விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது மாற்றலாம், அல்லது அங்கே போய் இறங்கிய பின் மாற்றலாம். எது நல்லது என்பது பெரும்பாலும் ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது. அந்தக் கேள்வியை விண்ணப்பிப்பவர்கள் பலர் கேட்பதே இல்லை.

கணவரின் எந்தப் பெயர்?

வெள்ளைக்காரருக்குக் கணவரின் பெயர் என்றால் குடும்பப் பெயர். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. எங்களிடம் இருப்பது தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும். ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக் கடைசி வரை அதோடே போவோம்.

சிவபாதத்தின் மகள் சுகன்யா. பிறப்புச் சான்றிதழில் அவளுடைய பெயர் சுகன்யா மட்டும்தான், தகப்பன் பெயர் தகப்பனுக்குரிய கூட்டில் இருக்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் SIVAPATHAM, மற்றப் பெயர்கள் SUGANYA. கணவர் கனகரத்தினத்தின் மகன் ரமேஷ். அவருடைய கனேடியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் KANAGARATNAM, கொடுத்த பெயர் RAMESH.

இங்கே ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்த சுகன்யா "திருமதி சுகன்யா ரமேஷ்" ஆகிறாள். கோயில் உபயத் துண்டிலும், சாவீட்டு அறிவித்தலிலும், பாடசாலை வரவுப் பதிவேட்டிலும் அதுதான் பெயர். ஆனால் கனடாவில் அவளுடைய கணவரை "மிஸ்டர் கனகரத்தினம்" என்று கூப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கின்படி அவள் "மிஸஸ் கனகரத்தினம்". அதாவது மாமனாரின் பெயர். இரண்டில் எதை எடுத்தாலும் பிழையில்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எந்த நாட்டில் மாற்றலாம் என்பதை இந்தத் தெரிவே தீர்மானிக்கிறது.

ஒன்ராறியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே திருமணச் சான்றிதழைக் காட்டிக் கட்டணமில்லாமல் ஏற்றுக்கொள்ளக்கூடியது துணைவரின் குடும்பப் பெயரை மட்டும்தான். விரும்பினால் அதைத் தன் பெயரோடு சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம். ஒன்ராறியோவின் கண்ணில் "ரமேஷ்" ஒரு கொடுத்த பெயர், குடும்பப் பெயரே அல்ல. சுகன்யா அங்கே போய் SUGANYA RAMESH ஆக வேண்டுமென்றால் முறையான சட்டப் பெயர் மாற்ற விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு 137 டொலர் கட்டணம். முந்திய 12 மாதமும் ஒன்ராறியோவில் தொடர்ந்து வாழ்ந்திருக்கவும் வேண்டும். KANAGARATNAM ஆவதற்கு இவை எதுவும் தேவையில்லை.

இலங்கையில் கணவரின் சொந்தப் பெயரை எடுப்பது சர்வசாதாரணம். திருமணச் சான்றிதழில் மணமகனின் முழுப்பெயர் "கனகரத்தினம் ரமேஷ்" என்றே இருக்கும். எந்தப் பாதியை எடுத்தாலும் அந்தக் கடதாசியே ஆதாரம். மனைவி கணவரின் பெயரை எடுத்தே ஆக வேண்டும் என்று எங்கள் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

ஆகவே ஊர் வழக்கப்படி கணவரின் சொந்தப் பெயர்தான் வேண்டும் என்றால் யாழ்ப்பாணத்திலேயே மாற்றுங்கள். கணவரின் கனேடியக் குடும்பப் பெயர் போதும் என்றால் அவசரமில்லை, அங்கே போயும் செய்யலாம்.

பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். ஊர் முறைப்படி பிள்ளைக்குத் தகப்பனின் சொந்தப் பெயரை வைத்தால் பிள்ளையின் குடும்பப் பெயர் RAMESH. தாய் RAMESH என்றால் தாயும் பிள்ளையும் ஒன்று, தகப்பன் வேறு. மூவருக்கும் ஒரே பெயர் வேண்டுமென்றால் KANAGARATNAM மட்டும்தான் வழி. வித்தியாசமான பெயரோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பயணம் செய்வது தடையல்ல. பெற்றோரின் பெயர்கள் உள்ள நீண்ட பிறப்புச் சான்றிதழும் மற்றப் பெற்றோரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொன்றியலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. கியூபெக்கில் 1981 முதல் திருமணத்தால் பெயர் மாறுவதில்லை, கணவனும் மனைவியும் பிறந்த பெயரிலேயே இருப்பார்கள். அங்கே போய் மாற்றுவோம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

வழி ஒன்று: மாற்றாமலே விடுவது

செலவில்லாத வழி இது. என் கணிப்பில் பலருக்கு இதுவே போதும். சுகன்யா SIVAPATHAM ஆகவே விண்ணப்பிக்கிறாள். கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் நற்சான்றிதழ், விசா, பி.ஆர். அட்டை எல்லாம் ஒரே பெயரில் வருகின்றன. "கணவன் மனைவிக்கு வெவ்வேறு குடும்பப் பெயர் இருந்தால் உண்மையான கல்யாணமோ என்று சந்தேகப்படுவார்கள்" என்ற பயம் ஊரில் பரவலாக உண்டு. அதற்கு அடிப்படையில்லை. இலங்கைத் தமிழரின் பெயர்முறை கனேடிய அதிகாரிகளுக்குப் புதிதல்ல. அவர்கள் உறவின் ஆதாரத்தைப் படங்களிலும் அழைப்புப் பதிவுகளிலும் பணப் பரிமாற்றத்திலும் தேடுகிறார்கள். குடும்பப் பெயரில் தேடுவதில்லை.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கடவுச்சீட்டில் மாற்றாமல் விட்டால் மற்ற எல்லா இடத்திலும் மாற்றாமல் விட வேண்டும். கடவுச்சீட்டு சிவபாதத்தில், அடையாள அட்டை ரமேஷில், வங்கிக் கணக்கு இரண்டுக்கும் நடுவில் என்று வைத்திருப்பதுதான் உண்மையான தொல்லை.

வழி இரண்டு: விண்ணப்பிக்க முன் யாழ்ப்பாணத்தில் மாற்றுவது

மாற்றுவதென்று முடிவெடுத்தவர்களுக்கு இதுவே சுத்தமான வழி. கோப்பு முழுவதும் புதிய பெயரில் தொடங்கும். பழைய பெயர் "வேறு பெயர்கள்" கேள்வியில் மட்டும் வரும். விலையாகக் கொடுப்பது சில கிழமைகளோ சில மாதங்களோ கால தாமதம்.

ஒழுங்கு முக்கியம். முதலில் திருமணச் சான்றிதழ். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வையுங்கள். ஒன்று அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும், ஒன்று கனடாவுக்கு, ஒன்று வங்கிக்கு. எடுத்தவுடன் அந்த இடத்திலேயே எழுத்துக்கூட்டி வாசியுங்கள். மணமகனின் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தால் அதைத் திருத்தும் இடம் பதிவாளர் அலுவலகம்தான். குடிவரவுத் திணைக்களத்தில் திருத்த முடியாது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. சிக்கல் அதிகம் பிறக்கும் இடம் இதுவே. சான்றிதழ் தமிழில் இருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் "கனகரத்தினம்" என்பதைத் தன் வழக்கப்படி Kanagarathinam என்று எழுதிவிடலாம், Kanakaratnam என்றும் எழுதலாம். தமிழில் மூன்றும் ஒன்று, கணினிக்கு மூன்றும் மூன்று ஆட்கள். கணவரின் கனேடியக் கடவுச்சீட்டின் முதற்பக்கப் பிரதியை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, "பெயரை இதில் உள்ளபடியே எழுதுங்கோ" என்று சொல்லுங்கள். மணமகளின் பெயருக்கு அவளுடைய பழைய கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மனைவி KANAGARATHINAM, கணவர் KANAGARATNAM என்ற நிலை வரும். பெயர் மாற்றியதன் நோக்கமே அதோடு போய்விடும்.

பிறகு தேசிய அடையாள அட்டை. கிராம அலுவலர் மூலம் விண்ணப்பித்து, பிரதேச செயலகத்தின் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். 12 இலக்கங்கள் கொண்ட அட்டை எண் என்றால், பெயர் மாறினாலும் அது மாறாது. இந்த மாறாத இலக்கம்தான் பின்னால் வங்கியிலும் ஊழியர் சேமலாப நிதியிலும் உங்களைக் காப்பாற்றும், ஆகவே பழைய அட்டையின் பிரதி ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள். புதிய வகை அட்டையில் பெயர் ஆங்கிலத்திலும் அச்சாகும். விண்ணப்பத்தில் எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் வரப்போகும் எழுத்துக்கூட்டலாகவே இருக்க வேண்டும்.

அடையாள அட்டையை விட்டுவிட்டுத் திருமணச் சான்றிதழோடு நேரே கடவுச்சீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். கடவுச்சீட்டில் மணப்பெயரைச் சேர்க்கத் திணைக்களம் கேட்கும் முக்கிய ஆவணம் திருமணச் சான்றிதழின் மூலப்பிரதிதான். ஆனால் அட்டை பழைய பெயரில் இருந்தால் முன்மேசையில் கேள்வி வரும். கேள்வி வராமல் போனாலும் அட்டையும் கடவுச்சீட்டும் இரு பெயரில் நிற்கும், வங்கி அதை ஏற்கத் தயங்கும். அட்டையை முதலில் முடிப்பதே நல்லது.

பிறப்புச் சான்றிதழைத் தொடாதீர்கள். கணவரின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஏற்ற வேண்டும் என்று சிலர் நினைத்துத் திருத்த விண்ணப்பம் எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் பிறந்தபோது இருந்ததைச் சொல்லும் கடதாசி. பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் பாலம் திருமணச் சான்றிதழ், அது மட்டும் போதும்.

கடைசியாகக் கடவுச்சீட்டு. முன்பு இதற்காக வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்தில், அதாவது எங்கள் கச்சேரியில், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் உயர்த்தப்பட்ட சாதாரண சேவைக் கட்டணம் 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா. படம் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரே கணினிக்கு அனுப்பிவிட்டு உங்களுக்குப் பற்றுச்சீட்டுத் தருவார்கள். பழைய கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் நான்கிலும் மூலமும் பிரதியும் கொண்டுபோங்கள்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கூட்டில் எதை எழுதுகிறீர்கள் என்பதை இரண்டு தரம் பாருங்கள். "ரமேஷ் சுகன்யா" என்று எங்கள் வழக்கில் முதலில் வருவது பெயரா முதலெழுத்தா என்ற குழப்பத்தில் கூடுகள் இடம் மாறிவிடுகின்றன. புதிய புத்தகம் கைக்கு வந்ததும் படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு கணினி வரிகளையும் பாருங்கள். மேல்வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு பெயர் இப்படி வர வேண்டும்:

```
KANAGARATNAM<<SUGANYA<<<<<<<
```

இரட்டைக் குறி `<<` க்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது கொடுத்த பெயர். விமான நிறுவனமும் விசா அதிகாரியின் இயந்திரமும் இந்த வரியைத்தான் வாசிக்கின்றன. பெயருக்கு அங்கே 39 இடம்தான். மிக நீண்ட பெயர்கள் வெட்டுப்படலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் குடும்பப் பெயரும் கொடுத்த பெயரும் இடம் மாறியிருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். குறிப்புப் பக்கத்தில் "இவர் இன்னாரின் மனைவி" என்று எழுதித் தந்தால் போதாதா என்றும் கேட்பதுண்டு. போதாது. குறிப்புப் பக்கத்தில் எழுதுவது இந்தக் கணினி வரியை மாற்றாது.

வழி மூன்று: நடுவில் மாற்றுவது

நான்கு வழிகளிலும் மோசமானது இது. தெரிந்து தேர்ந்து யாரும் இதில் விழுவதில்லை. பெரும்பாலும் கடவுச்சீட்டு காலாவதியாகும்போது, "புதுசு எடுக்கிறது தானே, பேரையும் மாத்துவம்" என்று விழுகிறார்கள்.

விண்ணப்பம் போய், விசா வரமுன் மாற்றினால் சேதம் குறைவு. இணையப் படிவம் மூலம் புதிய கடவுச்சீட்டின் பிரதியையும், திருமணச் சான்றிதழையும், ஒரு சிறு விளக்கக் கடிதத்தையும் உடனே அனுப்ப வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் கைரேகையும் பழைய கடவுச்சீட்டு இலக்கத்தோடு பதிவாகியிருக்கும். அவற்றை இணைக்கும்போது மேலதிகக் கேள்வி வரலாம், கோப்பு தாமதிக்கலாம். நிராகரிப்புக்கு இது காரணமாகாது.

விசா அடித்த பிறகு மாற்றுவது வேறு கதை. நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரம் SIVAPATHAM பெயரில் இருக்கும், விசா பழைய புத்தகத்தில் ஒட்டியிருக்கும். புதுக் கடவுச்சீட்டு எடுக்கும்போது பழையது இரத்துச் செய்யப்படும். கட்டுநாயக்காவில் விமான நிறுவன மேசையில் கையில் இருப்பது KANAGARATNAM பெயரில் வெறும் புத்தகம், SIVAPATHAM பெயரில் இரத்தான புத்தகத்தில் விசா, அதே பழைய பெயரில் உறுதிப்பத்திரம். ஏற்றுவார்களா மாட்டார்களா என்பது அன்றைய அலுவலரின் கையில். அந்த உறுதிப்பத்திரத்தின் முடிவுத் திகதி பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையின் ஒரு வருடத்தையோ கடவுச்சீட்டின் முடிவையோ ஒட்டியது, அதை நீடிக்கவும் மாட்டார்கள். விசா கிடைத்துவிட்டால் பெயரைத் தொடாமல் பழைய பெயரிலேயே போய் இறங்குங்கள். விமானச் சீட்டும் அதே பெயரில் இருக்கட்டும்.

இதைத் தவிர்க்க ஒரு எளிய சோதனை உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் கடவுச்சீட்டில் எத்தனை வருடம் மிச்சம் என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்குக் குறைவென்றால் பெயர் மாற்றுவதோ இல்லையோ, முதலில் புதிய கடவுச்சீட்டை எடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

வழி நான்கு: போய் இறங்கிய பிறகு

இறங்கியவுடன் முதல் பி.ஆர். அட்டை உறுதிப்பத்திரத்தில் உள்ள பெயரில்தான் வரும். அதற்குக் கனேடிய முகவரியை 180 நாளுக்குள் கொடுத்திருந்தால் தனிக் கட்டணம் இல்லை. "பேரை மாத்திப்போட்டு அட்டையை எடுப்பம்" என்று முகவரி கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் அட்டை பழைய பெயரில் வரட்டும்.

பிறகு இரண்டு கிளை பிரிகிறது.

முதலாவது, இலங்கைக் கடவுச்சீட்டை அங்கிருந்தே மாற்றுவது. ரொறன்ரோவில் உள்ள துணைத்தூதரகம் விண்ணப்பத்தை ஏற்கும். ஆனால் அச்சடிப்பது கொழும்பில், ஆகவே காலம் நீளும். அடையாள அட்டை பழைய பெயரில் இருந்தால் அதையும் இங்கே யாராவது ஓடித்திரிந்து பார்க்க வேண்டும். கடவுச்சீட்டு வந்தபின் IMM 5444 படிவத்தில் 50 டொலர் கட்டி, திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்போடு புதிய பெயரில் பி.ஆர். அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு முதலில், அட்டை பிறகு. மாறிச் செய்தால், அட்டை புதுப் பெயரிலும் கடவுச்சீட்டு பழைய பெயரிலும் நிற்கும் ஒரு காலம் வரும். அந்தக் காலத்தில் ஊரில் ஒரு சாவீடு என்று புறப்பட்டால், திரும்பி வரும்போது இரண்டையும் இணைக்கத் திருமணச் சான்றிதழைக் கையிலேயே வைத்திருக்க வேண்டிவரும்.

உறுதிப்பத்திரத்தைப் புதிய பெயரில் மாற்றித் தரும்படி கேட்காதீர்கள். இறங்கிய பின் நடந்த பெயர் மாற்றத்துக்காக அதைத் திருத்துவதில்லை. அச்சுப் பிழைக்கு மட்டும்தான் திருத்தம்.

இரண்டாவது கிளை, குடியுரிமை வரை காத்திருப்பது. விண்ணப்பத்துக்கு முந்திய 5 வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறியதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரே தடவையில் பெயர் மாற்றத்தைக் கொண்டுவருவது. இலங்கைக் கடவுச்சீட்டு, பி.ஆர். அட்டை இரண்டையும் புதிய பெயரில் எடுக்கும் செலவும் அலைச்சலும் மிச்சம். KANAGARATNAM போதும் என்று சொல்லும் சுகன்யாவுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அதுவரை சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி, வேலைத்தளம் எல்லாம் SIVAPATHAM ஆகவே இருக்கட்டும். ஒன்றை மாற்றி மற்றதை விடும்போதுதான் சம்பளச் சீட்டு ஒரு பெயரிலும் சமூகக் காப்புறுதி இலக்கம் இன்னொரு பெயரிலும் போய், வருமானவரிக் காலத்தில் தேட வேண்டிவரும். சமூகக் காப்புறுதி இலக்கத்தில் பெயர் மாற்றக் கட்டணம் இல்லை, இலக்கமும் மாறாது. ஆகவே மாற்றும் நாள் வந்தால் அதை முதலில் மாற்றிவிட்டு வேலைத்தளத்துக்குச் சொல்லுங்கள், வங்கி அதன் பிறகு.

வங்கி: முதலெழுத்து புரளும் இடம்

யாழ்ப்பாணத்து வங்கிக் கணக்குகள் பெரும்பாலும் முதலெழுத்தோடு திறக்கப்பட்டவை. "செல்வி சி. சுகன்யா", ஆங்கிலத்தில் `S. Suganya`. கல்யாணத்தின் பிறகு அதே ஆள் "திருமதி ர. சுகன்யா", `R. Suganya`. மாமனாரின் பெயரை எடுத்தால் `K. Suganya`. கணவர் ரொறன்ரோவிலிருந்து "Suganya Kanagaratnam" என்று எழுதிப் பணம் அனுப்பினால், `S. Suganya` என்ற கணக்கோடு பெயர் பொருந்தாமல் பணம் நிறுத்தி வைக்கப்படும், அல்லது திரும்பிப் போகும். கணக்கிலக்கம் சரியாக இருந்தும் இது நடக்கும்.

புறப்பட முன் கிளைக்கு நேரே போய் முடிப்பதே நல்லது. புதிய அடையாள அட்டை, பழைய அட்டையின் பிரதி, திருமணச் சான்றிதழ், கடவுச்சீட்டு நான்கையும் கொண்டுபோங்கள். கணக்கிலக்கம் மாறாது. மாற வேண்டியவை கணக்கின் பெயர், மாதிரிக் கையொப்பம், ஏ.ரி.எம். அட்டை, காசோலைப் புத்தகம் என்பன. பெயரை முதலெழுத்தாக இல்லாமல் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயராகப் பதியச் சொல்லுங்கள். நிலையான வைப்பு இருந்தால் அதன் சான்றிதழ் தனி, சேமிப்புக் கணக்கை மாற்றியதால் அது தானாக மாறாது. நகை அடகு வைத்திருந்தால் பற்றுச்சீட்டு பழைய பெயரிலும் பழைய கையொப்பத்திலும் இருக்கும். அதை மீட்ட பிறகு கையொப்பத்தை மாற்றுங்கள்.

அடையாள அட்டையை மாற்றாமல் கடவுச்சீட்டை மட்டும் மாற்றியவர்களிடம் சில கிளைகள் சத்தியக்கடதாசி கேட்கும். "சிவபாதம் சுகன்யாவும் சுகன்யா கனகரத்தினமும் ஒரே ஆளே" என்று சமாதான நீதவான் முன் சத்தியம் செய்த கடதாசி அது. அதையும் இரண்டு பிரதி எடுங்கள், மற்றது காணி அலுவலுக்கு உதவும்.

காணி உறுதி வேறு விடயம். சீதன உறுதி சுகன்யாவின் கன்னிப் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும். அதில் பெயர் மாற்றத் தேவையில்லை, மாற்றும் வழக்கமும் இல்லை. ஆனால் பின்னால் அந்தக் காணியை விற்க அற்றோர்ணித் தத்துவம் எழுதும்போது, இன்ன பெயரால் முன்பு அறியப்பட்ட இன்னார் என்று இரண்டு பெயரும் வர வேண்டும். திருமண இலக்கமும் திகதியும் அதில் சேர்ந்தால் இன்னும் நல்லது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே நொத்தாரிசு எப்படியும் திருமணச் சான்றிதழையும் கணவரின் கையொப்பத்தையும் கேட்பார். ரொறன்ரோவில் எழுதி இங்கே அனுப்பும் தத்துவத்தில் கணவரின் பெயர் உறுதியில் ஒரு எழுத்துக்கூட்டலிலும், அவருடைய கனேடியக் கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தால், அதையும் அந்தத் தத்துவத்திலேயே குறிப்பிட்டு விடச் சொல்லுங்கள். பிறகு அதற்காக மட்டும் இன்னொரு சத்தியக்கடதாசி முடித்து அனுப்ப வேண்டிவராது.